பர்வதமலை ஜிபிஎக்ஸ் ஃபைல்: அடிவாரமும் பிரிவுகளும் சரிதானா என்று பார்ப்பது எப்படி?

கேள்வி: பர்வதமலைக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் ஜிபிஎக்ஸ் ஃபைல் அனுப்பியிருக்கிறார். அடுத்த மாதம் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மேப்பில் போட்டால் கோடு எங்கோ தார் ரோட்டில் ஆரம்பிக்கிறது, மேலே போய்விட்டு வேறொரு பக்கம் முடிகிறது. ஏறத் தொடங்கும் இடம் எது, எங்கெங்கே திரும்ப வேண்டும் என்று இதை வைத்து எப்படி உறுதி செய்வது?

பதில்:

ஃபைலை மேப்பில் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு நோட்பேடில் திறந்து பாருங்கள். ஜிபிஎக்ஸ் வெறும் எழுத்துக் கோப்புதான், எதில் வேண்டுமானாலும் திறக்கும். மேப் ஆப் என்ன செய்கிறது என்றால், வண்டியில் போனது, நடந்தது, உட்கார்ந்து இளைப்பாறியது, வழி தவறித் திரும்பியது என எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் ஒரே கோடாக இழுத்துவிடுகிறது. நீங்கள் தேடும் பதில் அந்தக் கோட்டில் இருக்காது. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் எழுதியிருக்கும் நேரத்தில்தான் இருக்கும்.

உள்ளே மூன்று வகைப் புள்ளிகள் இருக்கலாம். `<wpt>` என்றால் யாரோ கையால் குத்தி வைத்த அடையாளம். `<rte>` என்றால் இப்படிப் போகலாம் என்று போட்ட திட்டம். `<trk>` என்றால் கருவி நடக்க நடக்கப் பதிந்த தடம், அதற்குள் வரிசையாக `<trkpt>` வரும். உங்கள் ஃபைலில் `<rte>` மட்டும் இருந்தால், அந்த வழியில் யாரும் கால் வைத்தார்கள் என்பதற்கே சாட்சி இல்லை. `<trk>` இருந்தும் ஒவ்வொரு புள்ளியிலும் `<time>` இல்லையென்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வரைந்ததாக இருக்கலாம், இல்லை பகிரும்போது நேரம் நீக்கப்பட்டிருக்கலாம். வரைந்த கோடு பார்த்தாலே தெரியும், நடுக்கமே இல்லாமல் வழவழவென்று இருக்கும். நிஜமாக நடந்த தடம் எப்போதும் கொஞ்சம் நடுங்கும். நேரம் இல்லாத ஃபைல் வந்திருந்தால் நண்பரிடம் அவர் போனிலோ வாட்சிலோ இருக்கும் மூலப் பதிவையே ஏற்றுமதி செய்து கேளுங்கள். அது கிடைக்காமல் இனி சொல்லப்போகிற எதையும் முழுதாகச் செய்ய முடியாது.

சரி, நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பர்வதமலைக்கு ஏற இரண்டு பக்கம் உண்டு. தென்மாதிமங்கலம் பக்கம் ஒன்று (தென்மகாதேவமங்கலம் என்பதுதான் முழுப் பெயர், மேப்பில் இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள்), கடலாடி பக்கம் ஒன்று. உங்கள் நண்பர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. நானும் அப்படிப் போயிருக்கிறேன். என் ஃபைல் இப்படித்தான் ஆரம்பித்தது:

```xml
<trkpt lat="12.44310" lon="79.00120"><ele>108</ele><time>2024-02-10T22:58:10Z</time></trkpt>
<trkpt lat="12.44250" lon="78.99950"><ele>109</ele><time>2024-02-10T22:58:30Z</time></trkpt>
```

இந்த லேட், லான் எண்களை வேண்டுமென்றே மாற்றித்தான் போட்டிருக்கிறேன். படிக்கும் முறையைக் காட்டத்தான் இது, யாரும் இதை வழியாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

முதலில் நேரம். கடைசியில் இருக்கும் `Z` உலகப் பொது நேரத்தைக் குறிக்கிறது. நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். ஆக 22:58 என்பது மறுநாள் விடிகாலை 4:28. ஃபைலில் 10-ந் தேதி சனிக்கிழமை என்றிருந்தாலும் நாங்கள் ஏறியது 11-ந் தேதி ஞாயிறு காலைதான். இதைக் கவனிக்காமல் ராத்திரி பதினொரு மணிக்கு ஏறியிருக்கிறார்கள் என்று நினைத்துத் திட்டம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வேகம். அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு டிகிரி இந்த மலை இருக்கும் இடத்தில் சுமார் 108 கிலோமீட்டர். அதனால் தசமத்தில் நான்காவது இலக்கம் ஒன்று மாறினால் ஏறக்குறைய 11 மீட்டர் நகர்ந்ததாகக் கொள்ளலாம். மேலே உள்ள இரண்டு புள்ளிகளில் வடக்கு தெற்காக 0.00060 வித்தியாசம், அதாவது 67 மீட்டர். கிழக்கு மேற்காக 0.00170, அதாவது 184 மீட்டர். இரண்டையும் சேர்த்து மூலைவிட்டமாக எடுத்தால் 196 மீட்டர் வருகிறது. இருபது விநாடியில் 196 மீட்டர் என்றால் மணிக்கு 35 கிலோமீட்டர். நடக்கிற வேகம் இல்லை, வேனில் போய்க்கொண்டிருக்கிறோம். வண்டியில் ஏறியதுமே ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டேன், அவ்வளவுதான். உங்கள் நண்பரின் கோடு தார் ரோட்டில் தொடங்குவதும் பெரும்பாலும் இதனால்தான். ஆகவே ஃபைலின் முதல் புள்ளியை அடிவாரம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

அதே ஃபைலில் முக்கால் மணி நேரம் தள்ளி இப்படி வருகிறது:

```xml
<trkpt lat="12.43890" lon="78.99010"><ele>131</ele><time>2024-02-10T23:41:05Z</time></trkpt>
<trkpt lat="12.43878" lon="78.98995"><ele>136</ele><time>2024-02-10T23:41:35Z</time></trkpt>
```

முப்பது விநாடியில் 21 மீட்டர், மணிக்கு இரண்டரை கிலோமீட்டர். கூடவே உயரம் ஐந்து மீட்டர் கூடியிருக்கிறது. இது படி ஏறுகிற வேகம்.

இந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவேதான் அடிவாரம் இருக்கிறது. ஆனால் அது ஒரே புள்ளி இல்லை. ரெக்கார்ட் தொடங்கிய இடம், வண்டி நின்ற இடம், மலைப்பாதை தொடங்கும் இடம் என மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வேகம் முப்பதிலிருந்து பூஜ்யத்துக்கு வரும், அப்புறம் பத்துப் பதினைந்து நிமிடம் புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். டீ குடித்தது, ஷூ கட்டியது, ஆள் எண்ணிப் பார்த்தது எல்லாம் அந்தக் கண்டுக்குள் இருக்கிறது. அங்கிருந்து மணிக்கு நான்கு, ஐந்து கிலோமீட்டர் வேகத்தில், உயரம் அதிகம் மாறாமல் கொஞ்ச தூரம் போகும். அது ஊரிலிருந்து அடிவாரம் வரை சமதளத்தில் நடந்தது. அதன் பிறகு வேகம் சட்டென்று பாதியாகி, உயரம் விடாமல் கூடத் தொடங்கும். அந்த முறிவுதான் நீங்கள் தேடும் இடம். அங்கே இருக்கும் லேட், லானை எடுத்து சாட்டிலைட் படத்தில் வையுங்கள். தென்மாதிமங்கலம் பக்கம் என்றால் ஊரைத் தாண்டி, ரோடு முடிந்து படிக்கட்டு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். ஊருக்கு நடுவில் விழுந்தால் நீங்கள் எடுத்தது வண்டி நின்ற இடம், இன்னும் சில புள்ளிகள் தள்ளிப் பாருங்கள்.

உயரத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பலர் இதில்தான் குழம்புகிறார்கள். அடிவாரமே கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் பக்கம் இருக்குமே, ஃபைலில் எப்படி 108 என்று தொடங்குகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஃபைல் கெட்டுப்போகவில்லை. ஜிபிஎஸ் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமிக்குப் பொதுவாக வைத்திருக்கும் ஒரு வழவழப்பான கணித முட்டை வடிவத்திலிருந்து அளக்கிறது. இந்தியாவின் தென்முனைக்கும் இலங்கைக்கும் தெற்கே உள்ள கடலில் பூமியின் ஈர்ப்பு குறைவு என்பதால், அங்கே கடல் மட்டம் அந்த வடிவத்துக்குக் கீழே நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறது. அதனால் இங்கே கருவி தரும் மூல உயரம் நிஜ உயரத்தைவிடத் தோராயமாக 85 முதல் 100 மீட்டர் குறைவாக வரும். மெரினாவில் நின்றால் சில ஆப்களில் உயரம் மைனஸில் காட்டும், அதே காரணம்தான். சில ஆப்கள் திருத்திவிட்டுப் பதியும், சில அப்படியே பதியும். ஆகவே ஒரு ஃபைலின் உயரத்தை இன்னொரு ஃபைலோடு நேராக ஒப்பிட்டு இது வேறு இடம் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே ஃபைலுக்குள் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்ற வித்தியாசத்தை நம்பலாம். நமக்குத் தேவையும் அதுதான்.

இப்போது பிரிவுகள். பத்துப் பேரைக் கூட்டிப்போகிற உங்களுக்கு இந்த மலையில் ஒரு பிரிவுதான் ரொம்ப முக்கியம், அது இரண்டு ஊர்ப் பாதைகளும் சேரும் இடம். ஏறும்போது அது கண்ணிலேயே படாது. நீங்கள் போய்க்கொண்டிருக்கும் பாதையில் பக்கவாட்டிலிருந்து இன்னொன்று வந்து சேரும், முன்னால் நடப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நீங்கள் மேலே போய்விடுவீர்கள். இறங்கும்போதுதான் அது கவட்டையாகத் தெரியும். அந்த நேரம் கால் நடுங்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும், நாலு பேர் முன்னால், ஆறு பேர் பின்னால் என்று கூட்டம் பிரிந்திருக்கும். முதல் தடவை போனபோது எங்கள் குழுவில் மூன்று பேர் அந்த இடத்தில்தான் மாறிப் போனார்கள். வேன் ஒரு ஊரில் நின்றது, அவர்கள் இன்னொரு ஊரில் இறங்கி நின்றார்கள். அடிவாரங்களுக்கு நடுவே மலையின் ஒரு பக்கத்தையே சுற்றி வர வேண்டும். போன் சிக்னல் வந்த பிறகுதான் ஆளைக் கண்டுபிடித்தோம்.

உங்கள் நண்பர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தால் அது உங்களுக்கு அதிர்ஷ்டம். அவர் ஃபைல் கவிழ்த்துப் போட்ட ஒய் எழுத்து மாதிரி இருக்கும். உச்சியிலிருந்து கொஞ்ச தூரம் ஏறிய கோடும் இறங்கிய கோடும் ஒன்றன் மேல் ஒன்று கிடக்கும், பிறகு இரண்டாகப் பிரியும். பிரியும் அந்த இடம்தான் நீங்கள் உறுதி செய்ய வேண்டியது. gpx.studio போன்ற தளத்தில் ஃபைலை ஏற்றி, உச்சியில் உள்ள புள்ளியில் தடத்தை இரண்டாக வெட்டி, ஏற்றத்துக்கு ஒரு நிறம், இறக்கத்துக்கு ஒரு நிறம் கொடுங்கள். உச்சி எது என்பதில் சந்தேகம் வேண்டாம், அங்கேயும் ஒரு பெரிய நூல்கண்டு இருக்கும். மல்லிகார்ஜுனேஸ்வரர் சன்னதியில் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்த நேரம் அது.

நிறம் பிரித்ததும் ஒன்று தெரியும். இரண்டு கோடும் ஒரே பாதையில் போன பகுதியில்கூடச் சரியாக ஒட்டாது, ஐந்து, பத்து மீட்டர் விலகி விலகிப் போகும். திறந்த வெளியிலேயே போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் தவறும். மரத்தடியில், பாறைச் சுவர் ஓரத்தில் இன்னும் அதிகம். கடப்பாரைப் பகுதியில், அதாவது பாறையில் அறைந்த இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் பிடித்து ஏறும் இடத்தில், புள்ளிகள் பாறைக்கு வெளியே ஆகாயத்தில்கூட விழும். செயற்கைக்கோள் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் தூரம் தவறாகக் கணக்காகிறது. அங்கே வரும் கோணல்மாணல் எதையும் திருப்பம் என்று எடுக்காதீர்கள். அங்கே போக ஒரே வழிதான், கம்பி இருக்கிற வழி.

இந்த நடுக்கம் பிரிவைக் குறிப்பதிலும் ஒரு தவறைக் கொண்டுவருகிறது. பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் இருக்கும் இரண்டு கோடுகளைத் தனித்தனி என்று சொல்ல முடியாது. பாதைகள் குறுகிய கோணத்தில், ஒரு இருபது டிகிரியில் பிரிகின்றன என்றால், அவை பன்னிரண்டு மீட்டர் விலகுவதற்கு முப்பத்தைந்து மீட்டர் நடந்தாக வேண்டும். அதாவது மேப்பில் கோடுகள் பிரிவதாக உங்களுக்குத் தெரியும் இடம், நிஜமான கவட்டைக்கு முப்பது, நாற்பது மீட்டர் கீழே இருக்கும். போனில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இறங்கினால், பிரிவு வந்துவிட்டது என்று தெரியும்போது நீங்கள் அதைத் தாண்டியிருப்பீர்கள். அதனால் குறியை அந்த அளவுக்கு மேலே தள்ளி வையுங்கள். நான் ஐம்பது மீட்டர் மேலே வைப்பேன், அங்கேயே குழுவை நிறுத்திவிடலாம்.

ஏறிய வழியிலேயே இறங்கிய ஃபைல் என்றால் ஒய் வடிவம் கிடைக்காது. அப்போது தவறுகளைத் தேடுங்கள். யாராவது வழி மாறிப் போய்த் திரும்பி வந்திருந்தால் கோட்டில் ஒரு சின்ன வால் முளைத்திருக்கும். ஐம்பது, நூறு மீட்டர் வெளியே போய், அதே வழியில் திரும்பி வந்து சேர்ந்திருக்கும். நேரத்தைப் பார்த்தால் போவதற்கு மூன்று நிமிடம், நடுவே ஒரு நிமிடம் தயக்கம், திரும்பி வர மூன்று நிமிடம் என்று அப்படியே கதையாக வாசிக்கலாம். அந்த வால் ஒட்டியிருக்கும் இடத்தில், பார்த்தால் சரியான பாதை போலவே தெரியும் இன்னொரு பாதை இருக்கிறது என்று அர்த்தம். ஆடு மாடு போன தடமாக இருக்கலாம், விறகு எடுக்கப் போன தடமாக இருக்கலாம். ஃபைலைச் சுத்தம் செய்கிறேன் என்று இந்த வால்களை முதலில் வெட்டிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கும். அடுத்து வருகிறவருக்கு அந்தத் தடத்திலேயே மிகப் பயனுள்ள இடம் அதுதான். காலைக் கடனுக்கு ஒதுங்கியதற்கும் வால் வரும், ஆனால் அது இருபது மீட்டருக்குள் முடிந்துவிடும், நடுவே நிற்கும் நேரமும் அதிகம்.

இதையெல்லாம் வாசிக்கிற அளவுக்குப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று முதலிலேயே எண்ணிப் பார்த்துவிடுங்கள். நோட்பேட்++ போல எண்ணிக்கையும் காட்டும் எடிட்டரில் `<trkpt` என்று தேடினால் போதும். ஒன்பது கிலோமீட்டர் தடத்தில் இரண்டாயிரம் புள்ளிகள் இருந்தால் நான்கைந்து மீட்டருக்கு ஒன்று, தாராளம். நூற்றிருபது மட்டும் இருந்தால் எழுபத்தைந்து மீட்டருக்கு ஒன்றுதான். ஃபைல் சிறிதாக வேண்டும் என்று யாரோ குறைத்திருக்கிறார்கள். அதில் வளைவுகள் எல்லாம் வெட்டுப்பட்டு நேர்கோடாகிவிடும், வால்கள் மறைந்தே போயிருக்கும். அந்த ஃபைலில் மலை எந்தப் பக்கம் என்று சொல்லலாம், பிரிவு எங்கே என்று சொல்ல முடியாது. கூடவே `<trkseg>` எத்தனை முறை வருகிறது என்றும் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் நடுவே பதிவு நின்று மீண்டும் தொடங்கியிருக்கிறது. சில ஆப்கள் அந்த இடைவெளியைக் கோடு போட்டு இணைத்துவிடும். மரங்களுக்கு நடுவே அம்பு விட்டாற்போல முந்நூறு மீட்டர் நேர்கோடு தெரிந்தால், அங்கே பாதை நேராக இல்லை, பதிவுதான் இல்லை.

கண்டுபிடித்த இடங்களைச் சரிபார்க்க, சம்பந்தமே இல்லாத இன்னொருவரின் ஃபைல் ஒன்று வேண்டும். உங்கள் நண்பரோடு கூடப் போனவரின் ஃபைல் உதவாது, இருவரும் சேர்ந்தே தவறியிருக்கலாம். வேறு நாளில், வேறு குழுவில் போனவருடையதாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மேப்பில் போட்டு, ஒரே இடத்தில் இரண்டும் வளைகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் வளைந்தால் அது நடுக்கமாகவோ, தனி ஆளின் குறுக்கு வழியாகவோ இருக்கும். கூகுள் எர்த் கம்ப்யூட்டர் பதிப்பில் பழைய படங்களுக்குப் போகும் வசதி இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் எடுத்த படம் கிடைத்தால் அதை எடுங்கள். இலை உதிர்ந்து, புல் காய்ந்திருக்கும்போது பாதை வெளிறிய கோடாகத் தெரியும். மழைக்குப் பிறகு எடுத்த படத்தில் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது.

உறுதியானதும் அடிவாரத்தையும் பிரிவையும் நீங்களே `<wpt>` ஆக எழுதிச் சேர்த்துவிடலாம். பெயரைத் தமிழிலேயே எழுதலாம், சேமிக்கும்போது UTF-8 என்று இருந்தால் போதும். ஒன்றே ஒன்று, இந்த வரி `<trk>` தொடங்குவதற்கு முன்னால் வர வேண்டும். கடைசியில் சேர்த்தால் சில ஆப்கள் ஃபைலையே ஏற்காது.

```xml
<wpt lat="12.43640" lon="78.97720"><name>இறக்கத்தில் பிரிவு, எல்லாரும் நிற்கவும்</name></wpt>
```

அப்புறம் அன்றைக்கு மலையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஏறும்போதே, அந்தக் குறி வருவதற்கு ஒரு நூறு மீட்டர் முன்னாலிருந்து பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே போங்கள். மற்றப் பாதை வந்து சேரும் இடம் தெரிந்ததும் நின்று, திரும்பிக் கீழே பாருங்கள், இறங்கும்போது அது எப்படித் தெரியுமோ அப்படி. ஒரு போட்டோ எடுங்கள், குழுவில் கடைசியாக நடப்பவரிடமும் காட்டிவிடுங்கள். போனை இரண்டு நிமிடம் அசையாமல் பிடித்து அங்கேயே ஒரு புதுப் புள்ளி குத்துங்கள். ஃபைலில் நீங்கள் கணித்து வைத்த புள்ளிக்கும் இதற்கும் எத்தனை மீட்டர் வித்தியாசம் என்று அப்போதே தெரிந்துவிடும். இறங்கும்போது பழைய குறியை எடுத்துவிட்டு இந்தப் புதுப் புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள்.